தலைமை ஆசிரியரின் கடைசி ஏற்புரை: எழுதுவதும் பேசுவதும்

பணி நிறைவு விழாவில் உங்கள் முறை கடைசியில்தான் வரும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஏழெட்டு வாழ்த்துரைகள், மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்த பிறகு "இப்போது நம் தலைமை ஆசிரியர் ஏற்புரை வழங்குவார்" என்பார்கள். அதற்குள் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாரும் சொல்லி முடித்திருப்பார்கள். நீங்கள் எடுத்து வைத்திருந்த குறளைக்கூட மூன்று பேர் சொல்லியிருப்பார்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பாட்டு வாசனை வரும் பக்கம் திரும்பியிருப்பார்கள்.

ஆகவே ஏற்புரையில் உங்கள் வரலாற்றுக்கு இடமில்லை. எதிரே இருப்பவர்களைப் பற்றிப் பேசத்தான் இடம் மிச்சம் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவள். என் ஏற்புரையில் ஒரு பெரிய தவறு செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். அதன் பிறகு ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலருக்கு உரை எழுத உதவியிருக்கிறேன். அவர்களில் ஒருவருடைய உரையை உதாரணமாக வைத்து இதை எழுதுகிறேன். அவருடையது கிராமத்துப் பள்ளி, ஆறு முதல் பத்து வரை, 214 பிள்ளைகள், 11 ஆசிரியர்கள். அங்கே ஐந்து ஆண்டு தலைமை ஆசிரியராக இருந்தார்.

முதலில் எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பணியில் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவர் என்றால் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். நம் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. அதனால் மே மாதத்திலும் ஜூன் ஒன்றாம் தேதியிலும் "பிறந்தவர்கள்" நம்மில் ஏராளம். மே ஒன்றாம் தேதிக்காரர்களைத் தவிர இவர்கள் எல்லாருக்கும் ஓய்வு நாள் மே 31.

அன்றைக்குப் பள்ளியில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கோடை விடுமுறை. அலுவலகத்தில் நீங்களும், பொறுப்பை வாங்கிக்கொள்பவரும், இளநிலை உதவியாளரும் இருப்பீர்கள். சாவிக்கொத்து, காசோலைப் புத்தகம், இருப்புப் பதிவேடு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு அந்த நாள் முடிந்துவிடும். பிள்ளைகளிடம் பேச வேண்டுமென்றால் ஏப்ரலில், பள்ளியின் கடைசி வேலை நாளில்தான் பேச முடியும்.

ஏப்ரலிலும் ஒரு சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வை முடித்துவிட்டு ஏற்கெனவே வீட்டில் இருப்பார்கள். மற்ற வகுப்புகளுக்கும் ஆண்டுத் தேர்வு ஒரே நாளில் முடியாமல் போகலாம். தேர்வு அட்டவணையைப் பார்த்து, எல்லா வகுப்பும் வரும் கடைசி நாள் எது என்று கண்டுபிடியுங்கள். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் மூலம் தனியாகச் சொல்லி அனுப்புங்கள். ஐந்து ஆண்டு உங்களோடு இருந்தவர்கள் அவர்கள்தான். அழைப்பே போகாமல் விடுபடுகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

நேரம் காலை ஒன்பதரை. ஏப்ரல் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் மைதானத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் காலை நேரம் கஷ்டம்தான். ஒரு வாரம் முன்பே சொன்னால் வருகிறவர்கள் வருவார்கள்.

விழாக் குழுவிடம் கேட்க வேண்டிய இரண்டு

விழாவை நடத்துவது ஆசிரியர்கள். நிகழ்ச்சி நிரலில் நீங்கள் தலையிடுவது அழகில்லை. ஆனாலும் மூத்த ஆசிரியரைத் தனியாக அழைத்து இரண்டு மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

வாழ்த்துரைகளில் பாதியை உங்கள் ஏற்புரைக்குப் பின்னால், மதிய உணவுக்குப் பிறகு ஆசிரியர் அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் மைக்கைப் பிடிக்கும்போது விழா தொடங்கி ஒரு மணி நேரம் தாண்டியிருக்கக் கூடாது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். "பிள்ளைங்க வெயில்ல உட்கார்ந்திருப்பாங்க" என்று சொன்னால் போதும், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது, ஏற்புரைக்கு முன் மாலைகளையும் பொன்னாடைகளையும் கழற்றி வாங்க ஒருவரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். கழுத்தில் நாலு மாலை, தோளில் ஆறு பொன்னாடையோடு தாளைப் பிடித்துப் படிக்க முடியாது. ரோஜா இதழ் கண்ணாடிக்குள் விழும். வியர்வையைத் துடைக்கக் கை போகாது. பார்ப்பவர்கள் நீங்கள் அழுவதாக நினைப்பார்கள்.

பெயர்ப் பட்டியல்: நினைவிலிருந்து எழுதாதீர்கள்

நான் செய்த தவறு இதில்தான். என்னோடு பணியாற்றிய எல்லாரையும் பெயர் சொல்லி நன்றி கூறினேன். பட்டியலை முந்தின நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினேன். எல்லாரையும் சொன்ன நிறைவோடு உட்கார்ந்த பிறகுதான் கடைசி வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்த தையல் ஆசிரியையைப் பார்த்தேன். பகுதிநேரப் பணி, வாரத்துக்கு மூன்று அரை நாள். சுதந்திர தினத்துக்கு வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடன உடை தைத்துக் கொடுத்தவர். அவர் முகம் மாறவே இல்லை. கைதட்டிக்கொண்டேதான் இருந்தார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏன் விட்டுப்போயிற்று என்று பிறகு யோசித்தேன். தினமும் நான் பார்த்துக் கையெழுத்திடும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டின் வரிசையில்தான் என் மனம் போயிருக்கிறது. அந்த வரிசையில் இல்லாதவர்கள் மனத்திலும் வரவில்லை. பள்ளியில் வேலை செய்கிறவர்கள் ஒரே பதிவேட்டில் இருப்பதில்லை. நிரந்தர ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் ஒரு பக்கம். பகுதிநேர ஆசிரியர்கள் இன்னொரு பக்கம். சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் சத்துணவு மையத்தின் பதிவேட்டில். பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆசிரியர் இருந்தால் அவர் கழகத்தின் பற்றுச்சீட்டில் மட்டும் இருப்பார். கழிவறை சுத்தம் செய்பவரும் இரவுக் காவலரும் எந்தத் தாளில் இருக்கிறார்கள் என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே மூன்று வாரம் முன்பு இந்தப் பதிவேடுகள் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் பெயர்களை எழுதுங்கள். முன்னெழுத்து சரியா என்று பாருங்கள். உங்கள் காலத்தில் மாறுதலாகிப் போனவர்களையும், பணியில் இருக்கும்போதே இறந்தவர் யாராவது இருந்தால் அவரையும் சேருங்கள். பிறகு அலுவலக உதவியாளரிடம் தாளைக் கொடுத்து "யாராவது விட்டுப்போச்சா, பாருங்க" என்று கேளுங்கள். பள்ளிக்குள் யார் யார் வந்து போகிறார்கள் என்பது அவருக்குத்தான் முழுமையாகத் தெரியும். நண்பரின் பட்டியலில் இப்படிக் கேட்டபோது ஒரு பெயர் கூடுதலாக வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குத் தினமும் மோட்டார் போட்டுவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரர். எந்தப் பதிவேட்டிலும் அவர் இல்லை.

பட்டியல் கையில் வந்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எல்லாரையும் பெயர் சொல்வது, அல்லது யாரையும் சொல்லாமல் இருப்பது. நடுவழி கிடையாது. ஒருவருக்கு ஒரு வரி என்றால் பதினைந்து விநாடி ஆகும். பதினாறு பேர் என்றால் நான்கு நிமிடம், தாங்கும். நாற்பது பேர் உள்ள மேல்நிலைப் பள்ளியில் பத்து நிமிடம் ஆகிவிடும், தாங்காது. அங்கே பெயரை விட்டுவிட்டு வேலையைச் சொல்லுங்கள். "காலையில் எட்டே காலுக்குக் கேட்டைத் திறந்தவர், மதியம் உலையில் அரிசி போட்டவர், மாலையில் கடைசிப் பிள்ளை போகும் வரை நின்றவர்" என்றால் அவரவர்க்குத் தெரியும்.

மூன்று கூட்டம், ஒரு மேடை

பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள் மூவரும் எதிரே இருக்கிறார்கள். மூவருக்கும் பொதுவாகப் பேசினால் மூவருக்குமே அது பேச்சாக இருக்காது. பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பக்கம் முகம் திருப்பிப் பேசுங்கள். வரிசை முக்கியம். பிள்ளைகள் முதலில், பிறகு பெற்றோர், கடைசியில் ஆசிரியர்கள். வழக்கம் இதற்கு நேர் எதிர். மேடையில் இருப்பவர்களில் தொடங்கி, "இறுதியாக என் அன்பு மாணவச் செல்வங்களே" என்று வரும்போது செல்வங்கள் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்.

மொத்தம் பன்னிரண்டு நிமிடம். நண்பர் கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தபோது நிமிடத்துக்கு 85 சொல் போல வந்தது. கைதட்டலுக்கும் தொண்டை அடைப்பதற்கும் இடம் விட்டால் 900 சொல் எழுதினால் போதும். அவர் முதலில் எழுதிக் கொண்டுவந்தது 2,300 சொல். அதில் மூன்றில் இரண்டு பங்கு அவர் நடந்து பள்ளிக்குப் போன கதை, முதல் பணியிடம், கிடைத்த விருது. எல்லாம் உண்மைதான். ஆனால் வாழ்த்துரை சொல்பவர்கள் அவரிடமே கேட்டு வாங்கிப் போன குறிப்புகளும் அவைதான். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு அவரே அதையெல்லாம் அடித்து நீக்கினார்.

விளிப்பைச் சுருக்குங்கள். மேடையில் உள்ள ஒவ்வொருவரையும் வரவேற்புரையில் ஒருமுறை, ஒவ்வொரு வாழ்த்துரையிலும் ஒருமுறை விளித்திருப்பார்கள். நீங்களும் தொடங்கினால் இரண்டு நிமிடம் போகும். கிராமத்தில் ஒரு பெயர் விட்டால் வருத்தம் வரும் என்பதும் உண்மை. நண்பர் இப்படித் தொடங்கினார்: "மேடையில இருக்கிற பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். உங்க அனுமதியோட முதல்ல கீழே உட்கார்ந்திருக்கிறவங்ககிட்டப் பேசிடுறேன்." மேடையில் இருந்தவர்களே முதலில் கைதட்டினார்கள்.

பிள்ளைகளிடம்

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓய்வு என்றால் என்னவென்று தெரியாது. "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா", "யாராவது போகச் சொல்லிட்டாங்களா" என்று நினைக்கும். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஆகவே முதல் வேலை, என்ன நடக்கிறது என்று நேராகச் சொல்வது. நண்பரின் உரையிலிருந்து:

"எனக்கு அறுபது வயசு ஆகுது. அறுபது ஆனா வேலையை அடுத்தவங்ககிட்டக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகணும்னு சட்டம். அதனாலதான் போறேன். உங்க மேல கோபம் இல்ல, உடம்புக்கும் ஒண்ணும் இல்ல. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது கேட்டுக்கிட்ட வேற ஒருத்தர் நிப்பாங்க. எனக்குச் சொல்ற மாதிரியே அவங்களுக்கும் சத்தமா வணக்கம் சொல்லணும். இப்ப ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க, பார்ப்போம்."

இருநூறு பேர் ஒரே குரலில் வணக்கம் சொன்னதும் கூட்டம் உயிர் பெற்றுவிட்டது. பிள்ளைகள் பகுதியில் அவர்கள் வாய் திறக்க ஒரு இடமாவது இருக்கட்டும்.

பிறகு பிள்ளைகள் செய்த ஒரே ஒரு காரியம். அறிவுரை வேண்டாம், ஐந்து ஆண்டு காலை வணக்கக் கூட்டத்தில் தந்தது போதும். நண்பர் நினைவில் தேடிப் பிடித்தது இது: ஒரு மழைக்காலத்தில் மைதானத்தில் தண்ணீர் நின்றது. மறுநாள் காலையில் அவர் வரும்போது கேட்டிலிருந்து வராந்தா வரை செங்கல் அடுக்கிய பாதை இருந்தது. யார் போட்டது என்று கேட்டார். ஏழாம் வகுப்பு என்றார்கள். யாரும் சொல்லாமல் சிறியவர்களுக்காகப் போட்டது. "அந்தச் செங்கல் மேலதான் அன்னைக்கு நானும் நடந்து வந்தேன்" என்று முடித்தார். அந்த ஏழாம் வகுப்பு இப்போது ஒன்பதில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் பக்கம் திரும்பி நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

கதை தேர்ந்தெடுக்கும்போது ஒரு எல்லை உண்டு. அப்பா இல்லாத பிள்ளை, பீடி சுற்றப் போய்விட்டுத் திரும்பி வந்த பிள்ளை, கல்யாணப் பேச்சை நிறுத்திப் பள்ளிக்குக் கூட்டி வந்த பெண் என்று உங்கள் பணிக்காலத்தின் பெருமையான கதைகள் இருக்கும். அவற்றை மேடையில் சொல்லாதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். அந்தப் பெண் கூட்டத்தில் இருப்பாள். தம்பியோ தங்கையோ இருக்கும். உங்களுக்குப் பெருமை, அவளுக்கு இன்னொரு முறை தலைகுனிவு. தனிப் பிள்ளையின் துன்பத்தை விட்டுவிட்டு ஒரு வகுப்பு சேர்ந்து செய்த காரியத்தைச் சொல்லுங்கள். அதில் யாருக்கும் காயமில்லை.

பெற்றோரிடம்

இங்கே தலைமை ஆசிரியர்கள் வழுக்கும் இடம் குறை சொல்வது. "கூட்டத்துக்குக் கூப்பிட்டா வர மாட்டீங்க" என்று கடைசி நாளிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வந்தவர்கள்! வராதவர்களுக்குச் சொல்ல வேண்டியதை வந்தவர்களிடம் சொல்லி என்ன பயன்.

இன்னொரு வழுக்கல், தேர்ச்சி விழுக்காடு. பத்தாம் வகுப்பு முடிவு மே மாதம்தான் வரும். ஏப்ரலில் மேடையேறி "இந்த முறை நூற்றுக்கு நூறு" என்று அறிவித்துவிட்டுப் போனால், ஒரு பிள்ளை தவறினாலும் அந்தப் பிள்ளையின் தலையில் அது விழும். அடுத்து வருபவரையும் அதை வைத்துத்தான் கேட்பார்கள்.

உங்களிடம் உறுதியான கணக்கு ஒன்று இருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, ஐந்து ஆண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை, அவர்களில் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். நண்பர் பள்ளியில் 43 பேர் சேர்ந்தார்கள், 39 பேர் எழுதினார்கள். மூவர் வேறு பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்கள். ஒருவர் மட்டும் படிப்பை விட்டவர். "நாற்பத்து மூணு பேரைச் சேர்த்தீங்க. ஒருத்தரைத் தவிர எல்லாரும் படிச்சுக்கிட்டிருக்காங்க. அந்த ஒருத்தரை என்னால திரும்பக் கூட்டிட்டு வர முடியல" என்றார். பாராட்டும் அதில் இருந்தது, தன் குறையும் இருந்தது. பெற்றோர் பக்கம் சத்தமே இல்லை.

கடைசியாக, முடியாமல் நிற்கும் வேலை ஒன்றைப் பெற்றோர் கையில் ஒப்படையுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். தலைமை ஆசிரியர் மாறுவார். குழு அங்கேயே இருக்கும். நண்பர் பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிவறைக்குத் தண்ணீர்க் குழாய் பாதியில் நின்றிருந்தது. குழுத் தலைவியான ஒரு தாயின் பக்கம் திரும்பி, "தீர்மானம் போட்டாச்சு, விண்ணப்பம் குடுத்தாச்சு, நகல் கோப்புல இருக்கு. ஜூன் கூட்டத்துல முதல் பேச்சு இதுவா இருக்கட்டும்மா" என்றார். நீங்கள் ஒப்படைக்கும் வேலை இப்படிக் கோப்பில் இருக்க வேண்டும். வெறும் ஆசையை ஒப்படைத்தால் புதிதாக வருபவர் தலையில் கட்டிய சுமையாகிவிடும்.

ஆசிரியர்களிடம்

நன்றி சொல்லும்போது பண்பைச் சொல்லாதீர்கள், செயலைச் சொல்லுங்கள். "கடமை தவறாத", "அயராது உழைக்கும்" என்ற சொற்களை யார் பெயருக்கு முன்னாலும் மாற்றி ஒட்டலாம். "கணக்கு சார் மாலை வகுப்புக்குத் தன் காசில் சுண்டல் வாங்கி வருவார். எத்தனை நாள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை." இதை அவர் ஒருவருக்குத்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இப்படி ஒரு செயல் எழுத வராவிட்டால் பட்டியலோடு இரண்டு நாள் பள்ளியைச் சுற்றி வாருங்கள். வந்துவிடும். ஒருவருக்கு மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை என்றால், பெயர் சொல்லும் முறையை விட்டுவிட்டு வேலையைச் சொல்லும் முறைக்கு மாறிவிடுங்கள்.

மன்னிப்பு பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "நான் யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த "யாரையாவது" இருக்கிறதே, புண்பட்டவருக்கு அது இரண்டாவது அடி. யாரைப் புண்படுத்தினோம் என்பது நமக்குத் தெரியும். நண்பர் ஒருமுறை உடற்கல்வி ஆசிரியரைக் காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் கடிந்து பேசிவிட்டார். தவறு அந்த ஆசிரியருடையது அல்ல என்று பிறகு தெரிந்தது. விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அவரைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டார். "பிள்ளைங்க முன்னால திட்டினேன், பிள்ளைங்க முன்னாலேயே சொல்லட்டுமா?" என்றும் கேட்டார். அவர் சரி என்ற பிறகுதான் அது உரையில் ஏறியது, இரண்டே வாக்கியமாக. தனியே கேட்காத மன்னிப்பை மேடையில் கேட்டால் எதிரில் இருப்பவருக்குச் சிரித்துத் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை. அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மேலதிகாரி மேடையில் இருந்தால் காலிப் பணியிடம், வராத நிதி என்று பேசக் கை துறுதுறுக்கும். அந்தக் கடிதங்களை ஏப்ரல் முழுக்க எழுதலாமே. அடுத்த தலைமை ஆசிரியர் யார் என்று ஊர் பேசிக்கொண்டாலும் ஆணை வரும்வரை மேடையில் சொல்லக் கூடாது. வீட்டாருக்கு ஒரு வாக்கியம் போதும்.

"வாரம் ஒருமுறை வந்து உங்களைப் பார்ப்பேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகள் அதை நம்பி வாசலைப் பார்ப்பார்கள். வந்தாலோ, புதிய தலைமை ஆசிரியருக்கு அது சங்கடம்.

அழுகை

வரும். எந்த வாக்கியத்தில் வரும் என்று கண்டுபிடிப்பதுதான் நாம் செய்யக்கூடியது. உரையைத் தனி அறையில் வாய்விட்டுப் படியுங்கள். குரல் உடையும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படியுங்கள். நாலாவது ஐந்தாவது முறை கொஞ்சம் இளகும். அப்படியும் உடைந்தால் அந்த வாக்கியத்தைப் பாதியாக வெட்டுங்கள். நீளமான வாக்கியத்தில்தான் மூச்சு பிடிபடாமல் போகிறது. கோடு போட்ட இடம் தாளின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே உடைந்தால் மிச்சம் பத்து நிமிடமும் திண்டாட்டம். மேடையில் அடைத்துவிட்டால் பேச முயலாமல் நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். கூட்டம் காத்திருக்கும்.

தாளை ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில், பக்க எண்ணோடு எழுதி மேல் மூலையில் நூல் கோத்துவிடுங்கள். ஏப்ரல் காற்றுக்குத் தனித்தாள் நிற்காது. கைப்பேசியைப் பார்த்துப் படிக்காதீர்கள். வெயிலில் திரை தெரியாது, நடுவில் யாராவது வாழ்த்துச் சொல்ல அழைப்பார்கள். மின்சாரம் போனால் மைக் இல்லாமல் பேச வேண்டியிருக்கும் என்பதால் பிள்ளைகள் பகுதியை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள். மற்ற இரண்டையும் அருகில் போய்ப் படிக்கலாம்.

முடிவில் "இறுதியாக" என்று ஒருமுறைதான் சொல்ல வேண்டும், சொன்னால் முடித்துவிட வேண்டும். நண்பர் அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டார். அலுவலக உதவியாளரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஆசிரியர்கள் பகுதி முடிந்ததும் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "மணி அடிக்கலாமா?" என்று கேட்டார். "அடிக்கலாம் சார்" என்று கத்தினார்கள். நீள மணி அடித்தது. பேச்சு அதோடு முடிந்தது.

கீழே இறங்கியதும் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். காலில் விழ வருவார்கள், தடுத்துவிடுங்கள். தேர்வு அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். இரண்டு பேனா வைத்திருங்கள், இரண்டும் பச்சை மை. மதிப்பெண் அட்டையில் பார்த்துப் பழகிய அதே நிறம்தான் அவர்களுக்கு வேண்டும். என்னிடம் நீல மைப் பேனாதான் இருந்தது, ஒரு பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஒரிஜினல் இல்ல டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.